46 பேர் பாதியில் போய்விட்டார்கள்: அனோவாவா, மிக்ஸட் மாடலா?

கேள்வி: மனச்சோர்வுக்கான 12 வார மருந்துச் சோதனை, 120 பேர், இரண்டு குழு. மனச்சோர்வு கூடினால் கூடும் ஹாமில்டன் மதிப்பெண்ணைத் தொடக்கத்திலும் 2, 4, 8, 12ஆம் வாரங்களிலும் எடுத்தோம். கடைசி வாரத்தில் 74 பேர்தான் மிச்சம். ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா போதும் என்கிறார் என் வழிகாட்டி, மிக்ஸட் மாடல்தான் போட வேண்டும் என்கிறார் கூடப் படிப்பவர். எதைப் போடுவது, ஏன்?

மிக்ஸட் மாடல்தான். ஆனால் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் முதலில் கிடைக்கிற கட்டளையைத் தட்டினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். உங்கள் கேள்வி ஏதோ இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு: வராமல் போன அந்த 46 பேருக்கு 12ஆம் வாரத்தில் என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்? எந்த முறையைப் போட்டாலும் அது உங்களைக் கேட்காமலேயே இதற்கு ஒரு பதிலை வைத்துவிடும். மருந்துச் சோதனைகளின் தரவைப் பல வருடங்களாக அலசிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சண்டை எல்லாமே அந்தப் பதிலைப் பற்றித்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் வழிகாட்டி சொல்வது பழைய அனோவா, ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு நெடுவரிசை என்று தரவை அகலமாக வைத்துப் போடுவது. மருந்துச் சோதனைக்காரர்கள் 'மிக்ஸட் மாடல் ஃபார் ரிப்பீட்டட் மெஷர்ஸ்', சுருக்கமாக 'எம்எம்ஆர்எம்' என்று சொல்வதிலும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது மிக்ஸட் மாடல் குடும்பத்தைச் சேர்ந்தது, தரவை நீளமாக, ஒரு ஆளின் ஒரு வருகைக்கு ஒரு வரிசை என்று வைத்துப் போடுவது. (அதில் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் மாறும் தற்செயல் விளைவு என்று தனியாக எதுவும் இருக்காது, பெயரில் மட்டும் 'மிக்ஸட்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் வைத்தவர்களை விட்டுவிடுவோம்.) நீங்களும் வழிகாட்டியும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதனால் முதலில் அவரிடம் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

அனோவாவில் என்ன நடக்கும் என்று பார்க்க உங்கள் தரவையே எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வெளியீட்டின் மேலேயே `Between-Subjects Factors` என்று ஒரு சின்ன அட்டவணை வரும், அதில் இரண்டு குழுக்களின் எண்ணிக்கையையும் கூட்டினால் 120 வராது, 74 அல்லது அதற்கும் கீழே வரும். ஒரே ஒரு வருகை விடுபட்டாலும் அந்த ஆளின் முழு வரிசையும் போய்விடும். 8ஆம் வாரம் வரை ஒழுங்காக வந்துவிட்டு கடைசி வாரம் மட்டும் வராதவரின் நான்கு அளவீடுகளும் குப்பைக்கு. நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் காட்டாது, கீழே பி மதிப்பு அழகாக வந்து நிற்கும்.

ஆள் குறைவதால் திறன் குறைகிறது என்பது சின்னப் பிரச்சினை. யார் குறைகிறார்கள் என்பதுதான் பெரியது. கையால் கணக்குப் போடக்கூடிய ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். மருந்துக் குழுவில் 10 பேர், 4ஆம் வாரமும் 12ஆம் வாரமும் மட்டும் அளவிடுகிறோம். கடைசி வரை இருந்த 6 பேரின் 4ஆம் வார மதிப்பெண்கள் 8, 10, 12, 12, 14, 16. அதே வரிசையில் அவர்களின் 12ஆம் வார மதிப்பெண்கள் 5, 13, 14, 6, 11, 11. சராசரி 12இலிருந்து 10க்கு இறங்கியிருக்கிறது. மற்ற 4 பேர் 4ஆம் வாரத்தில் 18, 20, 20, 22 எடுத்துவிட்டு அதற்குப் பிறகு வரவே இல்லை. அதாவது மருந்து சரியாக வேலை செய்யாதவர்கள்தான் போயிருக்கிறார்கள்.

அனோவா இந்த நால்வரையும் தூக்கிவிட்டு, 12ஆம் வாரச் சராசரி 10 என்று சொல்லும். பழைய கட்டுரைகளில் செய்வது போல கடைசியாகக் கிடைத்த மதிப்பை அப்படியே 12ஆம் வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனால், அந்த நால்வரும் 18, 20, 20, 22 என்றே உறைந்து நின்றுவிடுவார்கள், சராசரி 14 ஆகும். மிக்ஸட் மாடல் இரண்டையும் செய்யாது. 4ஆம் வாரத்துக்கும் 12ஆம் வாரத்துக்கும் உள்ள உறவை, இருந்த 6 பேரிடமிருந்து கற்றுக்கொள்ளும். போட்டுப் பார்த்தால் சாய்வு 0.5 வருகிறது, அதாவது 4ஆம் வாரத்தில் ஒரு புள்ளி கூட இருந்தவருக்கு 12ஆம் வாரத்தில் அரைப் புள்ளி கூட இருக்கும். போன நால்வரின் 4ஆம் வாரச் சராசரி 20, இருந்தவர்களைவிட 8 புள்ளி அதிகம், ஆகவே அவர்களின் 12ஆம் வாரச் சராசரி 10 + 0.5 × 8 = 14 என்று எதிர்பார்க்கலாம். பத்துப் பேருக்கும் சேர்த்து (60 + 56) / 10 = 11.6.

ஒரே தரவு, 10, 14, 11.6 என்று மூன்று விடை. மாடல் அந்த நால்வருக்கும் எண்களை இட்டு நிரப்புவதில்லை, ஆனால் அதன் சராசரிக் கணிப்பு நிரப்பியது போலவே வந்து நிற்கும். 'விடுபட்ட தரவை மிக்ஸட் மாடல் தானே பார்த்துக்கொள்ளும்' என்று சொல்வதன் பொருள் இவ்வளவுதான், அதற்கு மேல் மந்திரம் எதுவும் இல்லை. நான் இங்கே காட்டியது ஒரு குழுவை மட்டும்தான். இரண்டு குழுவிலும் ஒரே காரணத்துக்காக ஒரே அளவில் ஆட்கள் போனால் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளலாம். மருந்துக் குழுவில் பக்கவிளைவு தாங்காமலும், போலி மருந்துக் குழுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்தும் போனால் கழியாது, எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கடைசி மதிப்பை இழுத்துக்கொண்டு போவது 'எச்சரிக்கையான' முறை, மருந்துக்குச் சாதகமாகப் போகாது என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாள் இருந்தது. அது தப்பு. அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2010இல் வெளியிட்ட அறிக்கையே, தகுந்த அறிவியல் காரணம் இல்லாமல் அதை முதன்மை முறையாக வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

சரி, இதுவரை சொன்னது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இனிமேல் சொல்வதில் கொஞ்சம் தகராறு உண்டு.

நான் நேரடியாகக் கண்ட தவறுகளில் அடிக்கடி வருவது, ஒரு காலத்தில் நானே செய்ததும்கூட, ஆர் மென்பொருளில் `lmer` எடுத்து `(1 | id)` போட்டுவிட்டு 'மிக்ஸட் மாடல் போட்டாயிற்று' என்று எழுந்துபோவது. இது ஆளுக்கு ஒரு தற்செயல் வெட்டுத்துண்டு, அதாவது ஆளுக்கு ஆள் மாறும் ஒரு மட்டம், மட்டும் கொடுக்கும். அதன் உள்ளர்த்தம், ஒரே ஆளின் 2ஆம் வார மதிப்பெண்ணுக்கும் 12ஆம் வார மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு 8க்கும் 12க்கும் உள்ளதைப் போலவே இருக்கும், எல்லா வாரத்திலும் சிதறலும் ஒன்றே என்பது. மனச்சோர்வுத் தரவு அப்படி நடந்துகொள்வதில்லை. சேர்க்கும்போது குறைந்தபட்சம் இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் எடுப்போம் என்று வைப்பதால் தொடக்கத்தில் எல்லாரும் நெருக்கமாக நிற்பார்கள். 12ஆம் வாரத்தில் ஒருவர் 3, இன்னொருவர் 24 என்று விரிந்துவிடுவார்கள். ஒட்டுறவும் அடுத்தடுத்த வாரங்களுக்குள் அதிகமாகவும் தூரம் போகப் போகக் குறைவாகவும் இருக்கும்.

யாரும் விடுபடாத தரவில் இந்தத் தப்பு குழுச் சராசரிகளைத் தொடாது, திட்டப் பிழையைத்தான் கெடுக்கும். விடுபட்டால் கதை மாறுகிறது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 14 என்ற எண் எங்கிருந்து வந்தது? 0.5 என்ற சாய்விலிருந்து. அந்தச் சாய்வு வருவது ஒட்டுறவிலிருந்தும் சிதறலிலிருந்தும். அவற்றைத் தப்பாக எழுதினால் போனவர்களைப் பற்றிய கணிப்பே தப்பாகும், அதோடு குழுச் சராசரியும் தப்பாகும். 2ஆம் வாரத்திலேயே போன ஒருவரின் அந்த ஒற்றை மதிப்பெண்ணை, பத்து வாரம் தள்ளியிருக்கும் 12ஆம் வாரத்துக்கு அளவுக்கு மீறி நம்பிவிடும் அந்த மாடல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. விடுபடல் இல்லாத சமச்சீர் தரவில் இந்த `(1 | id)` மாடலும் பழைய அனோவாவும் சாதாரணமாக ஒரே எஃப் மதிப்பைத்தான் தரும். ஆக, அனோவாவின் வீட்டிலிருந்து நாம் ஒரு அடிதான் நகர்ந்திருக்கிறோம்.

ஆகவே உங்கள் வடிவமைப்புக்கு நான் போடுவது இதுதான்: வருகையை எண்ணாக அல்லாமல் வகையாக வைத்து, நான்கு வருகைகளுக்கும் இடையே எந்த வடிவத்தையும் திணிக்காத கோவேரியன்ஸ் அணியை விட்டுவிடுவது.

```r
library(mmrm)
fit <- mmrm(
  hamd ~ base * visit + arm * visit + us(visit | id),
  data = d, method = "Kenward-Roger"
)
emmeans::emmeans(fit, pairwise ~ arm | visit)
```

`visit`, `arm`, `id` மூன்றும் `factor` ஆக இருக்க வேண்டும். தொடக்க மதிப்பெண் `base` என்று வலப்பக்கம் போகிறது, விளைவில் 2, 4, 8, 12 மட்டும். நான்கு வருகைக்கு 4 சிதறல், 6 ஒட்டுறவு, மொத்தம் 10 அளவுருக்கள், 120 பேருக்கு இது பெரிய சுமை இல்லை. முடிவில் நீங்கள் பார்க்க வேண்டியது 12ஆம் வாரத்தில் இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசமும் அதன் நம்பிக்கை இடைவெளியும்தான், 'குழு × காலம்' என்ற மொத்த எஃப் சோதனை அல்ல. அது ஏதோ ஒரு வாரத்தில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். மாடல் குவியாமல் அடம்பிடித்தால் `us` இடத்தில் அதைவிட எளிய அணியான `toeph` போடுங்கள், ஆனால் அந்த வரிசையை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். இதே அணியை `lmer`இல் `(0 + visit | id)` என்று போட முயன்றால், அளவீடுகளைவிடத் தற்செயல் விளைவுகள் குறைவாக இல்லை என்று சொல்லி நின்றுவிடும், அதனால் அங்கே தலையை மோதிக்கொள்ள வேண்டாம். காலத்தை எண்ணாக வைத்து ஆளுக்கு ஒரு சாய்வு கொடுக்கும் மாடலையும் சிலர் சொல்வார்கள். வருகைகள் நிறைய இருந்து, ஒவ்வொருவரும் வேறு வேறு நாளில் வந்திருந்தால் அது நல்லது. இங்கே முதல் சில வாரங்களில் மதிப்பெண் சரசரவென்று இறங்கி அப்புறம் தட்டையாகும், அதன் மேல் நேர்கோட்டைப் போட்டால் பொருந்தாது.

ஒரு சின்ன ஓட்டை: தொடக்கத்தில் அளந்து அதற்குப் பிறகு ஒரு முறைகூட வராதவர்கள் இந்த மாடலிலும் காணாமல் போவார்கள். அவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் எண்ணிக்கையைக் கட்டுரையில் சொல்லிவிட்டுப் போகலாம், பத்துப் பதினைந்து பேர் என்றால் தொடக்க மதிப்பெண்ணையும் விளைவாக வைக்கும் வடிவத்துக்குப் போக வேண்டும்.

இப்போது உண்மையான வரம்புக்கு வருகிறேன். மேலே 14 என்று கணித்தோமே, அது சரியாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒரே மாதிரி வரலாறு உள்ள இரண்டு பேரில் ஒருவர் போனார், ஒருவர் இருந்தார் என்றால், அதற்குப் பிறகு அவர்கள் போகும் பாதையில் சராசரியாக வித்தியாசம் இருக்கக் கூடாது. தரவு விடுபடும் விதத்தைப் புள்ளியியலாளர் ரூபின் 1976இல் வகுத்த மூன்று வகைகளில் நடுவில் இருப்பது இதுதான். போவது மதிப்பெண்ணைப் பொறுத்து இருக்கலாம், ஆனால் நாம் பார்த்த மதிப்பெண்ணைப் பொறுத்து இருக்க வேண்டும், பார்க்காததைப் பொறுத்து அல்ல. அனோவா கேட்பது இதைவிடக் கடுமையானது, போனவர்கள் கிட்டத்தட்ட குலுக்கல் முறையில் போயிருக்க வேண்டும். அதனால்தான் மிக்ஸட் மாடல் மேல். ஆனால் 4ஆம் வாரம் 14 எடுத்து நன்றாக இருந்தவர், 7ஆம் வாரம் திடீரென்று மோசமாகி, படுக்கையை விட்டு எழவே முடியாமல் 8ஆம் வார வருகையைத் தவறவிட்டால், அந்தச் சரிவு எந்த நெடுவரிசையிலும் இல்லை. மாடலுக்கு அவர் இன்னும் தேறிக்கொண்டிருக்கும் ஆள்தான். இந்த நிபந்தனை நிறைவேறியதா இல்லையா என்று தரவை வைத்துச் சோதிக்க வழியே இல்லை, எந்த மென்பொருளிலும் அப்படி ஒரு பொத்தான் கிடையாது. லிட்டில் சோதனை என்று ஒன்றைக் காட்டுவார்கள், அது அனோவாவுக்கு வேண்டிய அந்தக் கடுமையான நிபந்தனையைத்தான் சோதிக்கும்.

அதனால் நான் எண்களுக்கு முன்னால் காகிதத்தைத் தேடுவேன். ஒரு சோதனையில் போனவர்கள் எல்லாருக்கும் காரணம் என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்' என்றே எழுதியிருந்தது. அதை வைத்து என்ன செய்வது? ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் பேசிக் கிறுக்கிவைத்திருந்த நோட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்தோம். 'குணமாகிவிட்டது, இனி எதற்கு வர வேண்டும் என்கிறார்', 'மாத்திரை போட்டால் வாந்தி', 'மனைவி எடுத்தார், பேச விருப்பமில்லையாம்'. மூன்றும் 'சொந்த விருப்பம்'தான். முதல் ஆளை மாடல் உண்மையைவிடக் கொஞ்சம் மோசமாக இருப்பதாகக் கணித்திருக்கும், மூன்றாவது ஆளை அநேகமாக உண்மையைவிட மிகவும் நன்றாக இருப்பதாக. உங்கள் 46 பேருக்கும் இப்படி ஒரு பட்டியலைக் குழு தெரியாத ஒருவரை வைத்துப் போடச் சொல்லுங்கள். அதோடு, விலகியவர்களின் மதிப்பெண் பாதையை எந்த வாரத்தில் போனார்கள் என்பதை வைத்துப் பிரித்து, குழுவுக்கு ஒரு படமாக வரையுங்கள். போவதற்கு முந்தைய வருகையில் கோடு மேலே திரும்பியிருந்தால் பயன் இல்லாமல் போயிருக்கிறார்கள், அடியில் இருந்தால் தேறிப் போயிருக்கிறார்கள். அந்த ஒரு படம் வழிகாட்டியிடம் பத்து வாதங்களைவிட நன்றாகப் பேசும்.

மருந்தை நிறுத்தியதும் வருகையை நிறுத்தியதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மருந்தை விட்ட பிறகு எடுத்த மதிப்பெண் யாருக்காவது இருந்தால் எறியாதீர்கள். அதைச் சேர்த்தால் 'மருந்தை எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும், சேர்க்காமல் மாடலை ஓட்டினால் 'எல்லாரும் கடைசி வரை சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்பதற்கு. மருந்துச் சோதனைப் புள்ளியியலுக்கான ஐசிஎச் இ9 சர்வதேச வழிகாட்டுதலுக்கு 2019இல் வந்த இணைப்பு இந்தப் பிரிவைத்தான் முதலில் முடிவு செய்யச் சொல்கிறது. எது சரி என்று புள்ளியியல் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சோதிக்க முடியாத நிபந்தனையை என்ன செய்வது? எவ்வளவு உடைந்தால் முடிவு கவிழும் என்று பார்க்கலாம். மருந்துக் குழுவில் 60இல் 26 பேரும் மற்றதில் 20 பேரும் போனார்கள், எம்எம்ஆர்எம் தந்த வித்தியாசம் மருந்துக்குச் சாதகமாக 2.9 புள்ளி, நம்பிக்கை இடைவெளி 0.7 முதல் 5.1 வரை என்று வைத்துக்கொள்வோம். இப்போது மருந்துக் குழுவில் போனவர்கள் மட்டும் மாடல் நினைப்பதைவிட சராசரியாக சில புள்ளிகள் மோசமாக இருந்தார்கள் என்று கற்பனை செய்யுங்கள். குழுவில் அவர்களின் பங்கு 26/60, அதாவது 0.43. ஒவ்வொரு புள்ளிக்கும் வித்தியாசம் 0.43 குறையும். இடைவெளியின் கீழ் முனை பூஜ்யத்தைத் தொட 0.7 / 0.43, சுமார் 1.6 புள்ளி போதும். இது ஒரு தோராயம், முறையாகச் செய்ய பன்முறை நிரப்புதல் வேண்டும், அதற்கு `rbmi` என்ற தொகுப்பு இருக்கிறது. ஆனால் இந்தத் தோராயமே நிலைமையைக் காட்டிவிடும். ஹாமில்டன் 17 உருப்படி அளவுகோல் 0 முதல் 52 வரை போகிறது, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர் 1.6 புள்ளி மோசமாக இருப்பது நடக்காத விஷயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நிலையில் நான் 'மருந்து வேலை செய்கிறது' என்று அழுத்தி எழுத மாட்டேன். அதே எண் 8 என்று வந்திருந்தால் தைரியமாக எழுதுவேன். இடையில் 3, 4 என்று வந்தால் புள்ளியியல்காரனின் கருத்தைவிட நோயாளிகளைப் பார்த்த மருத்துவரின் கருத்துக்குத்தான் மதிப்பு.

வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சிக்கல் அங்கேதான் வரும். ஆய்வுத் திட்டத்தில் அனோவா என்று எழுதி நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கியிருந்தால் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். எந்தக் குழு எது என்று இன்னும் திறக்கவில்லை என்றால், இன்றைக்கே ஒரு திருத்தம் எழுதித் தேதி போட்டுவிடுங்கள். திறந்துவிட்டீர்கள் என்றால் எம்எம்ஆர்எம்மை முதன்மையாக வைத்து, திட்டமிட்ட அனோவாவையும் பக்கத்தில் கொடுத்து, ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் அவரும் மகிழ்ச்சி, நீங்களும் மகிழ்ச்சி. வேறு வேறாக வந்தால், அந்த 74 பேர் 120 பேரைப் போல இல்லை என்பதற்கு அதுவே ஒரு அடையாளம், அப்போது அந்தத் தொலைபேசி நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போங்கள்.